ஊகத்தைத் திருத்துவதும் தகவல் கொடுப்பதுதான்

ஊழியர் ஒருவரைப் பற்றித் தொலைபேசியில் விசாரிக்கும் வெளியாள், நீங்கள் மறுத்தவுடன் பெரும்பாலும் ஊகத்துக்குத் தாவி, "அவர் அடுத்த மாதம் விலகுகிறார்தானே, ஆம் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்பார். தவறான ஊகத்தை இன்று "இல்லை" என்று திருத்திவிட்டு, சரியான ஊகத்துக்கு நாளை மௌனம் காத்தால், அந்த மௌனமே அவருக்குப் பதிலாகிவிடும். ஆகவே ஊகம் சரியோ தவறோ, "மன்னிக்கவும், ஊழியர்களைப் பற்றிய விவரங்களை நாங்கள் வெளியே பகிர்வதில்லை" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல் மாற்றாமல், குரல் உயர்த்தாமல் திரும்பச் சொல்லுங்கள். காரணங்களை அடுக்கினால் அவர் ஒவ்வொன்றாக வாதாடுவார். "இப்போது சொல்ல இயலாது" என்றாலோ நிச்சயம் மறுபடி அழைப்பார். மூன்றாம் முறையும் வற்புறுத்தினால், எழுத்துமூலம் கேட்க வேண்டிய முகவரியைத் தந்து, அழைப்பை முடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள்; அவர் உங்கள் சக ஊழியரிடமும் முயலக்கூடும் என்பதால், உடனே அவர்களுக்கும் தெரிவித்துவிடுங்கள்.