பழைய மாத்திரை அட்டைகளை எடுத்துவிடுங்கள்

நான் துபாயில், அம்மா கும்பகோணத்தில் தனியாக. மருத்துவமனைக்கு உடன் போய்வர மாதக் கட்டணத்தில் ஒரு சேவையை அமர்த்தியிருந்தேன். போய்வந்ததும் "டாக்டரைப் பார்த்தாயிற்று, எல்லாம் நலம்" என்று குறுஞ்செய்தி வரும். நானும் நம்பினேன்.

ஒரு மாதம் கழித்து அம்மாவுக்குக் கணுக்கால் வீங்கி, எழுந்தால் தலை சுற்றியது. வீடியோ அழைப்பில் மாத்திரைப் பெட்டியைக் காட்டச் சொன்னேன். இரண்டு அட்டைகள், இரண்டு வணிகப் பெயர்கள். பின்புறத்துச் சிறிய எழுத்தில் இரண்டிலும் ஒரே ரத்த அழுத்த மருந்து, அம்லோடிபின் 5 மி.கி. டாக்டர் புதிய பெயரில் எழுதியிருக்கிறார். பழையதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அம்மா இரண்டையும் விழுங்கியிருக்கிறார்.

அன்றே டாக்டரிடம் கேட்டு ஒன்றை நிறுத்தினோம். வீக்கம் மெல்ல வடிந்தது.

உடன் செல்லும் ஆளை மாற்றவில்லை, அவர் செய்யும் வேலையை மாற்றினேன். இப்போது உடன் செல்பவர் வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரின் மேசைமேல் வைக்கிறார். "எதை நிறுத்த வேண்டும்?" என்று கேட்கிறார். மருந்துக் கடைக்குப் போகுமுன் சீட்டின் படம் எனக்கு வந்துவிட வேண்டும். திரும்பியதும் நிறுத்தியவற்றை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துகிறார். "காசு கொடுத்து வாங்கியதடா" என்று அம்மா முணுமுணுப்பது வேறு கதை.