சீரியல் செட் முழுக்க அணைந்துவிட்டதா?

சீரியல் செட் மொத்தமாக அணைந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதே வோல்ட் உள்ள ஒரு நல்ல பல்பை எடுத்து, ஒவ்வொரு பல்புக்கும் பதிலாக வரிசையாக மாற்றிப் பாருங்கள். எரியாவிட்டால் பழையதையே திரும்பப் போட்டு அடுத்ததற்குப் போகலாம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும், அது முக்கியம்.

தொடர் இணைப்பில் மின்சாரத்துக்கு ஒரே பாதைதான். ஓர் இழை அறுந்தால் எல்லாமே இருட்டு. 240 வோல்ட்டில் 40 பல்பு என்றால் ஆளுக்கு 6 வோல்ட். அதனால் கெட்ட பல்பை விட்டுவிட்டு வயரை நேராக முறுக்கி இணைக்காதீர்கள். மற்றவை கூடுதல் வோல்ட் வாங்கிச் சீக்கிரம் போய்விடும்.

இரண்டு பல்பு ஒன்றாகப் போயிருந்தால் இந்த வழி உதவாது. பக்க இணைப்பில் கெட்டது மட்டுமே அணையும். அங்கே மொத்தமும் இருண்டால் பியூஸையோ பிளக்கையோ பாருங்கள்.