லேப்டாப் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு: வெளி மானிட்டர் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பவர் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. இப்படி ஒரு லேப்டாப் வந்தால் வெளி மானிட்டரைச் செருகிப் பார்ப்பதுதான் முறை. புதிதாக சர்வீஸ் பழகுகிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. "படம் வந்தால் பேனல் போச்சு, வராவிட்டால் போர்டு போச்சு" என்று ஒரு சூத்திரத்தை யாரோ சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் இரண்டு பாதியுமே அடிக்கடி காலை வாருகிறது.

சார்ஜர் சரியாகச் செருகியிருக்கிறதா, பிரைட்னஸ் குறைந்து கிடக்கிறதா என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருப்பீர்கள்.

## மானிட்டரில் படம் வரவில்லை என்றதும் போர்டைக் கைகழுவுவது

படம் வராததற்குச் சோதனை செய்த விதமே காரணமாக இருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் கேபிளைச் செருகிவிட்டு ஐந்து நொடி பார்த்தால் போதாது. லேப்டாப்பை அணையுங்கள். ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகி, மானிட்டரின் மெனுவில் அதே உள்ளீட்டைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு லேப்டாப்பைப் போட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். கம்பெனி லோகோ வருகிற கட்டத்தில் சில மாடல்கள் வெளி மானிட்டருக்குப் படமே அனுப்பாது. விண்டோஸ் ஏறிய பிறகுதான் வரும்.

அதற்குப் பிறகும் வராவிட்டால் கேப்ஸ் லாக் பட்டனை அழுத்துங்கள். அதன் விளக்கு ஒவ்வொரு அழுத்தலுக்கும் எரிந்து அணைந்தால் உள்ளே கணினி உயிரோடுதான் இருக்கிறது. அப்படியானால் என்டர் தட்டி, கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதுபோல் பின் எண்ணை அடித்து, சற்றுப் பொறுத்து `Windows + P` அழுத்துங்கள். ஒருமுறை கீழ் அம்பு, பிறகு என்டர். பத்து நொடி பாருங்கள். வராவிட்டால் இதையே திரும்பச் செய்யுங்கள். "கணினித் திரை மட்டும்" என்ற அமைப்பில் யாரோ விட்டுவைத்திருந்தால் நல்ல போர்டிலும் மானிட்டர் கறுப்பாகத்தான் இருக்கும்.

தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ள கேமிங் லேப்டாப்களில் இன்னொரு வில்லங்கம். பலவற்றில் ஹெச்டிஎம்ஐ துளை தனி சிப்போடும், டைப்-சி துளை பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸோடும் இணைந்திருக்கும். ஒரு துளையில் வரவில்லை என்றால் மற்றதிலும் பார்க்க வேண்டும். எல்லா டைப்-சி துளையும் படம் அனுப்பாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கேப்ஸ் லாக் அசையவே இல்லை, மானிட்டரும் கறுப்பு என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ரேம். பேட்டரியைத் துண்டித்து, இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ரேமை மாற்றியபின் முதல் முறை போடும்போது, முக்கியமாக டிடிஆர்5 மாடல்களில், திரை வர ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் அவசரப்பட்டுப் பவரை அணைத்துவிட்டு "இதுவும் வேலை செய்யவில்லை" என்று ரேமை ஒதுக்கி வைப்பவர்கள் உண்டு. விளக்கு ஏதாவது ஒரு கணக்கில் மினுக்கினால் அதை எண்ணுங்கள். டெல் லேப்டாப்களில் ஆரஞ்சு 2, வெள்ளை 3 என்று மினுக்கினால் ரேம் தெரியவில்லை என்று பொருள். 2, 7 என்றால் டிஸ்ப்ளே கோளாறு.

## டைப்-ஏ யூஎஸ்பி துளையிலிருந்து ஹெச்டிஎம்ஐ எடுக்கும் அடாப்டரை வைத்துச் சோதிப்பது

விண்டோஸ் ஏறி, டிரைவரும் ஏறிய பிறகுதான் அது படம் காட்டும். சோதனைக்கு உதவாது.

## மானிட்டரில் படம் வந்ததும் சோதனையை நிறுத்திவிடுவது

படம் வந்தால் பிராசஸர், ரேம், கிராஃபிக்ஸ் ஆகியவை வேலை செய்கின்றன என்பது மட்டும்தான் உறுதி. போர்டிலிருந்து கண்ணுக்குப் படம் வந்துசேரும் வழியில் இன்னும் நான்கு இடங்கள் இருக்கின்றன: போர்டில் டிஸ்ப்ளேவுக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதி, ஹிஞ்ச் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிள், மூடி மூடியிருக்கிறதா என்று பார்க்கும் லிட் சென்சார், கடைசியாகத்தான் பேனல். இதில் எது என்று மானிட்டரே பாதி சொல்லிவிடும். அதைக் கேட்காமல் பேனலுக்கு ஆர்டர் போடுவதுதான் அவசரக்குடுக்கை வேலை.

மானிட்டரில் `Settings > System > Display` திறந்து, எத்தனை திரைகள் காட்டுகிறது என்று பாருங்கள். 1, 2 என்று இரண்டு பெட்டி இருந்தால் உள்திரை தன் பெயரையும் அளவையும் போர்டுக்குச் சொல்லியிருக்கிறது. பேனலின் உள் சர்க்யூட்டுக்குக் கரண்ட் போகிறது, கேபிளில் தகவல் கம்பிகளும் ஓரளவு ஒட்டியிருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது சந்தேகம் பேக்லைட் பக்கம் திரும்புகிறது. அறையை இருட்டாக்கி, `Windows + P` மூலம் இரு திரையிலும் ஒரே படம் வரும்படி வைத்து, உள்திரையில் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தால் படம் இருக்கிறது, பின்னொளி மட்டும் இல்லை.

ஒரே ஒரு பெட்டிதான் தெரிகிறது என்றால் போர்டுக்கு உள்திரை இருப்பதே தெரியவில்லை. கேபிள் கழன்றிருக்கலாம், ஹிஞ்ச் அருகே அறுந்திருக்கலாம், பேனலுக்குப் போகும் 3.3 வோல்ட் நின்றிருக்கலாம், பேனலின் சர்க்யூட்டே செத்திருக்கலாம். மூடியை மெதுவாகத் திறந்து மூடும்போது ஏதாவது ஒரு கோணத்தில் திரை மின்னினால் கேபிளை முதலில் சந்தேகியுங்கள்.

டெல் மாடல்களில் இன்னொரு குறுக்கு வழி உண்டு. D எழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவர் பட்டனைத் தட்டினால் திரையில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்கள் மாறி மாறி வரும். அவை தெளிவாக வந்தால் பேனலை மாற்றுவது வீண்.

## லிட் சென்சாரை மறப்பது

மூடி மூடியிருக்கிறது என்று சென்சார் தப்பாகச் சொன்னால் உள்திரை அணைந்து, மானிட்டர் மட்டும் அருமையாக ஓடும். லேப்டாப்பை இன்னொரு லேப்டாப்பின் மேல் வைத்திருக்கிறீர்களா, காந்தம் உள்ள போன் கவர் பக்கத்தில் கிடக்கிறதா என்று பாருங்கள். எடுத்து வையுங்கள். செலவு பூஜ்யம்.

## பேட்டரி இணைப்பில் இருக்கும்போதே டிஸ்ப்ளே கேபிளைப் பிடுங்குவது

இதுதான் எரிச்சலைக் கிளப்புகிற தவறு. சில நூறு ரூபாய் கேபிளில் முடிய வேண்டிய வேலையைச் சிப் லெவல் வேலையாக மாற்றிவிடுவது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் பதில் ஒன்றே: "லேப்டாப் ஆஃப்லதான இருந்துச்சு?"

ஆஃப் என்பது வேறு, கரண்ட் இல்லை என்பது வேறு. இப்போது பரவலாக இருக்கும் 30 பின் டிஸ்ப்ளே கேபிளில் 26 முதல் 29 வரையிலான பின்கள் பேக்லைட்டுக்குக் கரண்ட் கொண்டுபோகின்றன. அது நேரே பேட்டரி அல்லது அடாப்டர் லைனிலிருந்து ஒரு சின்ன ஃபியூஸ் வழியாக வருகிறது. மூன்று செல் பேட்டரி என்றால் சுமார் 11 முதல் 12.6 வோல்ட், அடாப்டர் செருகியிருந்தால் 19 வோல்ட் அளவு. பல போர்டுகளில் லேப்டாப் அணைந்திருந்தாலும் இந்த லைனில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். அதே கனெக்டரில், அரை மில்லிமீட்டர் இடைவெளியில், ஒரு வோல்ட்டையே தாங்க வேண்டியிராத தகவல் பின்களும் பிராசஸருக்குப் போகின்றன. கனெக்டர் நேராகக் கழலாமல் ஒரு பக்கம் சாய்ந்து வந்தால் என்ன தொடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பழகுநரிடம் வந்த 15.6 அங்குல லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம். மானிட்டரில் படம் நன்றாக வந்தது. மூடியைப் பாதி சாய்த்தால் உள்திரை மின்னியது. கேபிள் என்று சரியாகத்தான் கணித்தார். அடிமூடியைக் கழற்றினார், பேட்டரியை அப்படியே விட்டார், கேபிளைக் கம்பியோடு பிடித்து இழுத்தார், திரும்பச் சாய்வாகச் செருகினார். அதன் பின் எந்தக் கோணத்திலும் மின்னல்கூட இல்லை. "பேனல் சுத்தமாகப் போய்விட்டது" என்று புதுப் பேனல் வாங்கி மாட்டினார். அதுவும் கறுப்பு. டார்ச் அடித்தால் புதுப் பேனலிலும் ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தன. மானிட்டரில் இரண்டு பெட்டியும் இருந்தன. பேக்லைட் ஃபியூஸ் போயிருந்தது. இதுவே கொஞ்சம் தப்பியது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வோல்டேஜ் தகவல் பின்னுக்குத் தாவியிருந்தால் பிராசஸரே போயிருக்கலாம். அப்போது வெளி மானிட்டரிலும் படம் நின்றிருக்கும்.

முறை இதுதான். ஷிஃப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். விண்டோஸ் முழுதாக அணையும். அடாப்டரைக் கழற்றுங்கள். அடிமூடியைத் திறந்ததும் முதலில் கை போக வேண்டியது பேட்டரி கனெக்டருக்கு. அதைக் கழற்றியபின் பவர் பட்டனை 20 நொடி அழுத்திப் பிடித்தால் மிச்சக் கரண்ட் வடியும். அடுத்துத்தான் டிஸ்ப்ளே கனெக்டர். மேலே ஒட்டிய டேப்பை உரித்து, பூட்டுக் கம்பி இருந்தால் அதைத் தூக்கி, கனெக்டரின் இரு ஓரத்தையும் நகத்தால் சமமாகத் தள்ளிக் கழற்றுங்கள். கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது. பின்களில் கறுப்போ, உருகலோ இருக்கிறதா என்று பாருங்கள். திரும்ப மாட்டும்போது டிஸ்ப்ளே கேபிள் முதலில், பேட்டரி கடைசியில். "சும்மா ஒரு தடவை அழுத்திப் பார்க்கிறேன்" என்று பேட்டரியை மாட்டிவிட்டு மறுபடி கேபிளைத் தொட்டால் மேலே செய்தது எல்லாம் வீண்.

ஃபியூஸைச் சோதிக்கவும் பேட்டரி வெளியே இருக்க வேண்டும். டிஸ்ப்ளே கனெக்டருக்குப் பக்கத்தில், போர்டில் F என்று தொடங்கும் எண்ணுடன் சின்னதாக இருக்கும். மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து இரு முனையிலும் தொட்டால் பீப் வர வேண்டும். `OL` காட்டினால் ஃபியூஸ் அறுந்துவிட்டது. உடனே புதிது வைக்காதீர்கள். ஃபியூஸிலிருந்து கனெக்டருக்குப் போகும் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று, கேபிள் செருகியும் கழற்றியும் அளந்து பாருங்கள். கேபிள் செருகும்போது மட்டும் ஷார்ட் காட்டினால் கேபிளோ பேனலோ குற்றவாளி. கழற்றியும் காட்டினால் போர்டில் தேட வேண்டும். ஷார்ட் இருக்க ஃபியூஸ் வைத்தால் அதுவும் அறுந்துபோகும்.

## ஃபியூஸுக்குப் பதில் கம்பி வைத்துப் பற்றவைப்பது

வேண்டாம். அடுத்த ஷார்ட்டில் எரியப்போவது போர்டின் தடம்.

## அங்குலத்தை மட்டும் சொல்லிப் பேனல் வாங்குவது

எல்லாம் பார்த்தும் பேனல்தான் என்று முடிவானால், பழைய பேனலைக் கழற்றிப் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைப் படம் எடுத்த பிறகு ஆர்டர் கொடுங்கள். 15.6 அங்குலத்திலேயே 30 பின், 40 பின் இரண்டும் உண்டு. 120, 144 ஹெர்ட்ஸ் பேனல்கள் பெரும்பாலும் 40 பின். ஓரத்தில் ஸ்குரூ மாட்டும் காது உள்ளதும் இல்லாததும் தனித்தனி. புதுப் பேனல் வந்ததும் பாதுகாப்பு ஷீட்டை உரிக்காமல், பேட்டரியைத் துண்டித்த நிலையில் கேபிளை மாட்டி, லேப்டாப்பின் கீபோர்டு மேல் சாய்த்து வைத்து, பிறகு கரண்ட் கொடுத்துப் படம் வருகிறதா என்று பாருங்கள். டேப் ஒட்டி, ஃபிரேம் அழுத்தி மூடுவதெல்லாம் அதற்கப்புறம். ஒட்டியதை உரித்த பேனலைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார்.