ஈஎம்ஐ போட்டாச்சு, அப்புறமும் கார்டுல லிமிட்ட காணோமே?

போன மாசம் ஏற்காடு போயிருந்தோம். 20 ஹேர்பின் பெண்டும் ஏறி, சின்னவன் ரெண்டு தடவ வாந்தி எடுத்து, ஒரு வழியா ரூம் கவுன்ட்டர்ல போய் நின்னா மச்சான் கார்டு டிக்ளைன் ஆவுது. பில் 15,200 ரூவா. "மாமா, லிமிட் 50,000 இருக்கு, ஃப்ரிட்ஜ ஈஎம்ஐ ஆக்கியாச்சு, மாசம் 6,265 தான, மீதி 43,000 எங்க போச்சு?"ன்னு அவன் கேட்டான், அங்க வெச்சு என்னத்த விளக்குறது, நான் ஜிபே பண்ணிட்டு ராத்திரி உக்காந்து சொல்லிக் கொடுத்தேன். அதத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல: ஆப்ல அவைலபிள் லிமிட்ட பாருங்க

சேலத்துல அஞ்சு ரோடு பக்கம் ஒரு கடையில ஃப்ரிட்ஜ் 36,000, ஆறு மாச ஈஎம்ஐ, வருசத்துக்கு 15% வட்டி. ஆப்ல பாத்தா அவைலபிள் லிமிட் 14,000 தான் காட்டுது. இது தப்பில்ல. பேங்க் கடைக்காரருக்கு 36,000 முழுசா கொடுத்துடுச்சு, நீங்க பேங்க்குக்கு 36,000 பாக்கி. ஈஎம்ஐங்கறது அந்தக் கடன எப்படித் திருப்பிக் கட்டப்போறீங்கன்னு மாத்துதே தவிர எவ்ளோ கடன்னு மாத்தாது, லிமிட்டோ எவ்ளோ கடன்ங்கறத மட்டும்தான் பாக்கும்.

அடுத்து: ஸ்டேட்மென்ட்ட தொறங்க

36,000 செலவா ஒரு வரி இருக்கும், அதே 36,000 வரவா இன்னொரு வரி இருக்கும். அத பாத்து காசு திரும்பி வந்துடுச்சுன்னு நினைச்சுடாதீங்க (மச்சான் நினைச்சான்), சாதா செலவுலருந்து எடுத்து ஈஎம்ஐ கணக்குல போட்டாங்க, அவ்ளோதான். அதுக்குக் கீழ மொத பில்லுல சுமாரா இப்படி வரும், வார்த்தை பேங்க்குக்கு பேங்க் மாறும்:

```
EMI PRINCIPAL 1/6     5,815.23
EMI INTEREST 1/6        450.00
PROCESSING FEE          199.00
GST 18%                 116.82
```

கூட்டினா 6,581.05. கடையில சொன்னது 6,265, வந்தது 6,581, எல்லாரும் கஸ்டமர் கேர்ல சண்டை போடறது இங்கதான். ப்ராசஸிங் ஃபீ ஆறு மாசத்துக்குப் பிரியாது, மொத பில்லுலயே ஒரே தடவையா விழுந்துடும். அந்த 116.82ல ரெண்டு சங்கதி கலந்திருக்கு, ஃபீ மேல 35.82, வட்டி மேல 81. ஃபீ மேல வர்ற ஜிஎஸ்டி இந்த மாசத்தோட சரி, வட்டி மேல வர்றது மாசாமாசம் வரும், ஆனா வட்டி குறையக் குறைய அதுவும் குறையும். ரெண்டாவது பில்லு 6,333 கிட்ட வந்துச்சுன்னா சரியா போயிட்டிருக்குன்னு அர்த்தம், அப்பயும் ஃபீ வந்தா உடனே கேளுங்க.

நோ காஸ்ட் ஈஎம்ஐன்னாலும் இதே கதைதான், வட்டி அளவுக்கு டிஸ்கவுன்ட் கொடுப்பாங்க, ஆனா வட்டி மேல ஜிஎஸ்டியும், ப்ராசஸிங் ஃபீ இருந்தா அதுவும் நம்ம தலையில. அசல், வட்டி, டிஸ்கவுன்ட் மூணையும் ஸ்டேட்மென்ட்ல தனித்தனியா காட்டணும்னு 2022லயே ரிசர்வ் பேங்க் சொல்லிடுச்சு, அதனால காட்டலன்னா கேக்கலாம்.

இப்ப லிமிட் எப்படித் திரும்புதுன்னு போட்டுப் பாப்போம்

பில் விழுந்த அன்னைக்கு லிமிட் கூடாது, இன்னும் குறையும். வட்டி, ஃபீ, ஜிஎஸ்டி சேந்து 765.82, அதுவும் கடன்தான, அதனால 14,000 போய் 13,234 ஆவும். 6,581.05 முழுசா கட்டினதும் 19,815. பழைய 14,000 கூட அந்த அசல் 5,815 மட்டும் சேந்திருக்கு பாருங்க, வட்டியா ஃபீயா கட்டினதுக்கு லிமிட்ல ஒரு ரூவா கூடாது. நீங்க போட்ட கணக்கவிட ஆப் காட்டறது 765 குறைஞ்சிருந்தா பில் விழுந்திருக்கு இன்னும் கட்டலன்னு புரிஞ்சுக்கலாம்.

லிமிட் அவசரமா வேணும்னா

எக்ஸ்ட்ரா காச கார்டுல கட்டிவிட்டா ஈஎம்ஐ முடிஞ்சுடும்னு நினைக்காதீங்க, அது அட்வான்ஸா கெடக்கும், ஈஎம்ஐ பாட்டுக்கு ஓடும், வட்டியும் ஓடும். முடிக்கணும்னா ஃபோர்க்ளோஷர்னு கேட்டு வாங்கணும். மச்சானுக்கு மொத பில் கட்டினப்புறம் அசல் பாக்கி 30,184.77, அவன் பேங்க்ல ஃபோர்க்ளோஷர் சார்ஜ் 3%, ஜிஎஸ்டியோட 1,069 ஆவுது. முடிக்காம அப்படியே ஓட்டினா மிச்ச அஞ்சு மாச வட்டியும் அதுக்கு ஜிஎஸ்டியும் 1,347. ஆக 280 ரூவாகூட மிச்சமில்ல, அதுக்கு 30,000 கையிலருந்து எடுத்து வைக்கணும். வேணாம்டா ஓட்டுன்னு சொன்னேன், ஆனா அடுத்த மாசம் பைக் இன்சூரன்ஸும் பொண்ணு ஸ்கூல் ஃபீஸும் அதே கார்டுலதான் கட்டணுமாம், 19,815 பத்தாதுன்னு ஃபோர்க்ளோஸ் பண்ணிட்டான்.