எஞ்சினின் முதல் நகர்வைப் பார்க்கும் முன் உங்கள் நகர்வை வையுங்கள்

சதுரங்க எஞ்சின் காட்டும் முதல் நகர்வை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஆட்டத்தில் நீங்கள் நினைத்த நகர்வைப் பலகையில் வைத்து, யார் கை ஓங்கியிருக்கிறது என்று எஞ்சின் சொல்லும் எண் எவ்வளவு மாறுகிறது, எதிராளியின் பதில் எது என்று பாருங்கள். குன்னூரில் மழை விடாத சாயங்காலங்களில் பையன்களோடு ஆட்டங்களை அலசும்போது நாங்கள் இப்படித்தான் செய்கிறோம்.

1.e4 e5 2.Nf3 Nc6 3.Bc4 Nd4 என்று வந்தால், சும்மா நிற்கிற e5 சிப்பாயை வெட்டத்தான் கை போகும். 4.Nxe5 வைத்ததும் எண் மைனஸுக்குப் போய்விடும், அதாவது கறுப்புக்குச் சாதகம்; எஞ்சின் காட்டும் நகர்வு வரிசையின் தொடக்கத்திலேயே Qg5 நிற்கும், ராணி ஒரே நேரத்தில் e5 குதிரையையும் g2 சிப்பாயையும் குறிவைக்கிறது. 4.O-O நல்லது என்று மட்டும் மனப்பாடம் செய்திருந்தால் இந்தக் காரணம் கண்ணில் பட்டிருக்காது. அப்புறம், மூன்று வரிசைகளைக் காட்டச் சொல்லுங்கள்: 0.4, 0.3, 0.3 என்று வந்தால் உங்களுக்குப் புரிகிற திட்டத்தையே ஆடலாம்.

முதல் வரிசை +2, அடுத்தது 0.0 என்றால் இந்தச் சலுகை கிடையாது, அங்கே அந்த ஒரே நகர்வுதான். எஞ்சின் எத்தனை நகர்வு முன்னால் பார்க்கிறது என்று காட்டும் ஆழம் 10-ஐக்கூடத் தாண்டாதபோது வரும் எண்ணையும் நம்ப வேண்டாம், கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். சில செயலிகளில் மைனஸ் என்றால் கறுப்புக்குச் சாதகம் என்று அர்த்தமில்லை, நகர்த்த வேண்டியவருக்குப் பாதகம் என்று அர்த்தம். அதையும் ஒருமுறை சரிபாருங்கள்.