உணவகத்துக்குக் கடை பிடிக்கும்போது வாடகை ஒப்பந்தத்தைப் பேசி முடிப்பது எப்படி?

முதன்முதலாக உணவகம் தொடங்குபவர் கட்டட உரிமையாளரிடம் வாடகையைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார். உண்மையில் அது மூன்றாவதாகப் பேச வேண்டியது. துணிக்கடைக்காரர் காலி செய்யும்போது அலமாரிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடலாம்; உணவகக்காரரோ தரைக்கு அடியிலும் சுவருக்குள்ளும் பணத்தைப் போட்டவர். அந்தப் பணம் எவ்வளவு என்று தெரிந்த பிறகே முன்பணம், இடையில் விலக முடியாத லாக்-இன் காலம், வாடகை, பழுதுச் செலவு ஆகிய நான்கையும் சரியாகப் பேச முடியும்.

விளக்கத்துக்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மதுரையில் தரைத்தளத்தில் 900 சதுர அடி இடம், 32 இருக்கைகள் கொண்ட சிற்றுண்டி உணவகம். உரிமையாளர் கேட்பது: மாதம் 60,000 ரூபாய் வாடகை, பத்து மாத அட்வான்ஸ், ஆண்டுக்கு 10 சதவீத உயர்வு, வாடகைதாரருக்கு மூன்று ஆண்டு லாக்-இன், பழுதுகள் அனைத்தும் வாடகைதாரர் பொறுப்பு.

படி 1: எடுத்துப் போக முடியாத பணத்தைக் கணக்கிடுங்கள்

மொத்த முதலீடு 14 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அடுப்பு, கிரைண்டர், ஃபிரிட்ஜ், மேசை நாற்காலி, பாத்திரம் ஆகியவற்றுக்கான 6 லட்சத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம். சமையலறை டைல்ஸ், கழிவுநீர்க் குழாய், எண்ணெய்க் கழிவைப் பிடிக்கும் தொட்டி, புகைபோக்கிக் குழாய், மூன்று முனை மின் வயரிங் ஆகியவற்றுக்கான 8 லட்சம் கட்டடத்தோடு போய்விடும். ஐந்து ஆண்டுகள் கடை நடந்தால் இந்த 8 லட்சம் மாதத்துக்குச் சுமார் 13,300 ரூபாயாகப் பரவும். பதினோரு மாதத்தில் காலி செய்ய நேர்ந்தால் மாதத்துக்கு 72,700 ரூபாய்க்கு மேல் வரும். அதாவது வாடகையைவிட அதிகம். பேச்சுவார்த்தையில் நீங்கள் காக்க வேண்டியது முதலில் காலத்தைத்தான்.

படி 2: லாக்-இன் யாரைக் கட்டுகிறது?

லாக்-இன் என்பது இன்ன காலம் வரை ஒப்பந்தத்தை முறிக்கக் கூடாது என்ற நிபந்தனை. உரிமையாளர்கள் கொண்டுவரும் வரைவில் அது பெரும்பாலும் வாடகைதாரரை மட்டுமே கட்டும். இடையில் கிளம்பினால் மீதி மாதங்களின் வாடகையைத் தர வேண்டும் என்றிருக்கும். உங்களுக்குத் தேவை இதற்கு நேர்மாறானது: உரிமையாளர் ஐந்து ஆண்டுகளுக்கு உங்களை வெளியேற்றக் கூடாது; நீங்கள் பன்னிரண்டு மாதம் முடிந்தபின் மூன்று மாத முன்னறிவிப்புடன் விலகலாம். இது ஒருதலைப்பட்சம் என்று அவர் சொல்வார். “நான் கிளம்பினால் என்னுடைய 8 லட்சம் உங்கள் கட்டடத்தில்தான் இருக்கும், நீங்கள் என்னைக் கிளப்பினாலும் அது உங்களிடம்தான் இருக்கும்” என்று கணக்கை அவர் முன் வைத்துப் பொறுமையாகச் சொல்லுங்கள். நம் எடுத்துக்காட்டில் உங்கள் லாக்-இன்னை மூன்று ஆண்டிலிருந்து பதினெட்டு மாதத்துக்கு அவர் இறக்கினாலும் அது நியாயமான முடிவே.

இதோடு ஒரு விலக்கையும் எழுதிக்கொள்ளுங்கள். மாநகராட்சித் தொழில் உரிமமோ, உணவுப் பாதுகாப்பு உரிமமோ, கூடுதல் மின்பளுவோ கட்டடத்தின் குறையால் கிடைக்காமல் போனால், லாக்-இன் பொருந்தாது. முன்பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். கட்டடம் குடியிருப்பு அனுமதியில் கட்டப்பட்டிருப்பது கையெழுத்துக்குப் பின்பு தெரியவந்து தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டட வரைபட அனுமதியைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஐந்து ஆண்டு லாக்-இன் எழுதுவது பயனற்றது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். பதிவாகாத பத்திரத்தில் உள்ள கால நிபந்தனையை நீதிமன்றத்தில் சான்றாக வைத்து வாதாட முடியாது. முத்திரைத்தாள் செலவை மிச்சப்படுத்தப்போய் 8 லட்சத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

படி 3: முன்பணம்

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை முன்பணத்தின் வரம்பாகச் சொன்னாலும், இருவரும் வேறாக ஒப்புக்கொள்ள இடமளிக்கிறது. அதனால்தான் கடைத்தெருவில் பத்து மாதம் என்ற வழக்கம் தொடர்கிறது. 6 லட்சத்தை 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கித் தந்தால் அதுவே மாதம் 6,000 ரூபாய். சொல்லப்படாத வாடகை என்றே அதைக் கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு, அதாவது 3,60,000 ரூபாய்க்குப் பேசிப் பாருங்கள்.

தொகையைவிட அது திரும்பி வரும் வழி முக்கியம். சாவியை ஒப்படைக்கும் அதே நாளில் முன்பணம் தரப்பட வேண்டும் என்றும், எதைக் கழித்தாலும் அதற்கான ரசீதைக் காட்ட வேண்டும் என்றும், கட்டடம் விற்கப்பட்டால் புதிய உரிமையாளர் இந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்றும் எழுதுங்கள். முன்பணத்தை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாகவே தாருங்கள்.

படி 4: வாடகை

நாள் விற்பனை 20,000 ரூபாய் என்றால் மாதம் 6 லட்சம். அதில் 60,000 என்பது பத்து சதவீதம். இந்த வகைக் கடைக்குப் பன்னிரண்டு சதவீதத்தைத் தாண்டினால் மூச்சு முட்டும் என்பது என் கணிப்பு. வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டா, உண்டென்றால் அது 60,000க்குள் அடக்கமா என்று கேளுங்கள். 5 சதவீத வரியில் சாதாரணப் பதிவு பெற்ற உணவகம் இந்த வரியைத் திரும்பப் பெற முடியாது என்பதால் 10,800 ரூபாய் கைச்செலவாகவே முடியும். உரிமையாளர் பதிவு பெறாதவராக இருந்தாலும் 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியைப் பதிவு பெற்ற வாடகைதாரரே கட்ட வேண்டியிருக்கிறது. சிறு வணிகர்களுக்கான ஜிஎஸ்டி தொகுப்புத் திட்டத்தில் இருப்பவருக்கு மட்டும் 2025 ஜனவரியிலிருந்து இதில் விலக்கு உண்டு. எந்தத் திட்டத்தில் பதிவு செய்வது என்பதைக் கணக்காளரிடம் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.

உரிமையாளர்கள் வாடகைத் தொகையில் எளிதில் இறங்குவதில்லை, ஏனென்றால் பக்கத்துக் கடைக்காரருக்கும் அது தெரிந்துவிடும். ஆகவே 60,000ஐ ஒப்புக்கொண்டு, கடையைத் தயார் செய்யும் இரண்டு மாதங்களுக்கு வாடகை இல்லை என்று கேளுங்கள். அது 1,20,000 ரூபாய் மிச்சம். அடுத்து உயர்வைக் குறையுங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் ஐந்தாம் ஆண்டில் வாடகை 87,846 ஆகும்; 5 சதவீதம் என்றால் சுமார் 72,930 தான்.

படி 5: பழுது யார் பொறுப்பு?

“பழுதுகள் வாடகைதாரர் பொறுப்பு” என்ற ஒற்றை வரியில் ஐப்பசி மழையில் ஒழுகும் கூரையும் அடங்கிவிடும். கூரை, சுவர், தூண், பிரதான கழிவுநீர்க் குழாய், மீட்டர் வரையிலான மின்தடம் ஆகியவை உரிமையாளருடையவை என்றும், குழாய் வாஷர், சுவிட்சு, சமையலறை வடிகால், எண்ணெய்க் கழிவுத் தொட்டி, புகைபோக்கி ஆகியவை உங்களுடையவை என்றும் பெயர் சொல்லிப் பிரித்து எழுதுங்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையும் ஏறக்குறைய இவ்வாறே பிரிக்கிறது.

தகராறு வருவது எல்லையில்தான். கழிவுநீர் பொங்கினால் உங்கள் எண்ணெய்ப் பிசுக்கால் அடைத்தது என்று அவரும், பழைய குழாய் உடைந்தது என்று நீங்களும் சொல்வீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்த ஒவ்வொரு முறையும் ரசீதைத் தேதியுடன் வைத்திருந்தால் உங்கள் சொல் நிற்கும். எழுத்தில் தெரிவித்த ஏழு நாட்களுக்குள் உரிமையாளர் சரிசெய்யாவிட்டால் நீங்களே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்றும், அவர் பொறுப்பிலுள்ள பழுதால் கடையை மூட நேர்ந்தால் அந்த நாட்களுக்கு வாடகை இல்லை என்றும் சேருங்கள்.

படி 6: கையெழுத்து

வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். கட்டடம் அண்ணன் தம்பிகளின் கூட்டுச் சொத்தாக இருந்தால் அனைவரும் கையெழுத்திட வேண்டும். பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள்ள வாடகை அதிகாரியிடமும் பதிவு செய்யுங்கள். சாவி வாங்கும் நாளில் வேலையாட்கள் உள்ளே வருவதற்கு முன்பு, கூரைக் கறை, தரை விரிசல், குழாய் வாய் ஆகியவற்றை உரிமையாளரை உடன் வைத்துக்கொண்டே படமெடுத்து, அன்றே அவருடைய வாட்ஸ்அப்புக்கும் அனுப்பிவிடுங்கள்.