வீடு காலி பண்ற லெட்டரை காப்பி அடிக்கிறவங்க கவனிங்க

சத்துவாச்சாரில வாடகைக்கு இருந்த என் தம்பி, காட்பாடி காந்தி நகர்ல இருந்த ஃப்ரெண்டோட லெட்டரை வாங்கி பேரை மட்டும் மாத்தி ஓனர்கிட்ட குடுத்துட்டான். அதுல ஒரு மாச நோட்டீஸ்னு இருந்துச்சு, ஆனா இவன் அக்ரிமென்ட்ல ரெண்டு மாசம். கடைசில ஒரு மாச வாடகையை அட்வான்ஸ்ல புடிச்சிட்டாங்க, பாவம்.

அதனால மொதல்ல உங்க அக்ரிமென்ட்டை பக்கத்துல வெச்சிக்கங்க. நோட்டீஸ் எவ்ளோ நாள்னு அதைப் பாத்து எழுதுங்க, காலி பண்ற தேதியை காலண்டர்ல எண்ணிப் பாருங்க. 60 நாளும் ரெண்டு மாசமும் ஒண்ணு இல்ல, ஜூன் 10 குடுத்தா ரெண்டு மாசம்னா ஆகஸ்ட் 10, 60 நாள்னா ஆகஸ்ட் 9, அக்ரிமென்ட்ல எது இருக்கோ அதையே போடுங்க.

பழைய பேர் எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்கான்னு Ctrl+F போட்டு தேடுவோம்ல, அங்கதான் ஏமாறுவோம். "குமார்"னு தேடுனா "குமாரின்" சிக்காது, ஏன்னா ர் மேல இருக்க புள்ளி போயி ரி ஆயிடுது. "குமா"னு பாதில நிறுத்தித் தேடுங்க, ஊர் பேருக்கும் அப்படித்தான், "நகர்"னு தேடுனா "நகரில்" தப்பிச்சிடும்.

அப்புறம் பிரின்ட் எடுத்து, பேர், தேதி, டோர் நம்பர், அட்வான்ஸ் தொகை இதெல்லாம் பேனால வட்டம் போட்டு ஒவ்வொண்ணா அக்ரிமென்ட்டோட டிக் அடிங்க. வாட்ஸ்அப்ல அனுப்புனா ஃபைல் பேரையும் மாத்துங்க, அதுல ஃப்ரெண்ட் பேரே இருக்கும்.